களியக்காவிளை நிலம் எந்த மாநிலத்தில்? எல்லையூர்ச் சொத்தை உறுதிசெய்யும் முறை

திருவனந்தபுரம் வலியசாலையில் தலைமுறைகளாக இருந்துவரும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்குத் தெற்கே ஏதாவது ஒரு துண்டு நிலம் இருக்கும். தாத்தா வாங்கிப்போட்டதாகவோ, பாட்டிக்குச் சீதனமாக வந்ததாகவோ இருக்கலாம். இரும்புப்பெட்டியில் பழைய ஆதாரம் ஒன்று மலையாளத்தில் கிடக்கும். பங்கு பிரிக்கவோ விற்கவோ நேரம் வரும்போதுதான் சிக்கல் தெரியும். வீட்டில் எல்லோரும் அதைக் ‘களியக்காவிளை நிலம்’ என்றே சொல்லிப் பழகியிருப்பார்கள். கைப்பேசி வரைபடத்தில் தேடினால் தமிழ்நாடு என்று காட்டும். நேரில் போய் எதிரே இருக்கும் டீக்கடையில் கேட்டால், “இது கேரளா அல்லோ” என்பார் கடைக்காரர். அதே தெருவில் இன்னொருவர் இல்லை என்று மறுப்பார்.

இதைச் சரியாகத் தீர்த்துக்கொள்ளாமல் ஓர் அடிகூட முன்னே போகக்கூடாது. ஏனென்றால், நிலம் எந்தச் சார்பதிவாளரின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் பத்திரம் பதிய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. முத்திரைத் தீர்வை இரண்டு மாநிலங்களிலும் வேறு. வரி கட்டும் இடமும், வழக்கு வந்தால் போக வேண்டிய நீதிமன்றமும் வேறு. தவறான பக்கத்தில் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதிவிட்டால் அதை அவிழ்ப்பது எளிதல்ல.

முதலில் எல்லை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. 1956 மாநிலச் சீரமைப்புச் சட்டம் இங்கே புதிதாக ஒரு கோடு கிழிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த தாலுகாக்களை அப்படியே எடுத்து மாற்றியது. திருவனந்தபுரம் மாவட்டத்திலிருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. கொல்லம் மாவட்டத்துச் செங்கோட்டைத் தாலுகா திருநெல்வேலிக்குப் போனது. நேசமணி தலைமையில் போராடியவர்கள் நெய்யாற்றங்கரையையும் கேட்டிருந்தார்கள். அது கிடைக்கவில்லை, திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே நின்றுவிட்டது. இந்த மாற்றம் நடைமுறைக்கு வந்த நாள் 1956 நவம்பர் 1.

ஆகவே களியக்காவிளைப் பக்கத்தில் எந்த நிலத்துக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. அந்த நாளில் இந்த சர்வே எண் விளவங்கோடு தாலுகாவில் இருந்ததா, நெய்யாற்றங்கரைத் தாலுகாவில் இருந்ததா? விளவங்கோடு என்றால் தமிழ்நாடு. நெய்யாற்றங்கரை என்றால் கேரளம். ஊரின் பெயர் இந்தக் கேள்விக்கு விடை தராது. களியக்காவிளை என்பது தமிழ்நாட்டுப் பேரூராட்சி ஒன்றின் பெயர். ஆனால் பேச்சு வழக்கில் அது ஒரு சந்தைக்கும், பேருந்து நிலையத்துக்கும், சோதனைச் சாவடிக்கும், இரண்டு பக்கமும் பரவிய கடைவீதிக்கும் பொதுவான பெயர். கேரளத்தின் இஞ்சிவிளையில் வீடு உள்ளவர்கூட வெளியூரில் கேட்டால் ‘களியக்காவிளை’ என்றுதான் சொல்வார். வடக்கே பனச்சமூட்டிலும் இதே கதைதான். சந்தை ஒன்று, பெயரும் ஒன்று, மாநிலம் இரண்டு.

வரைபடம் ஏன் உதவாது என்பதற்குக் காரணம் எளிமையானது. சர்வே ஆஃப் இந்தியாவின் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். மாநில எல்லைக்குப் போடும் கோடே அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால், அந்த மைக்குக் கீழே 25 மீட்டர் நிலம் மறைந்துவிடுகிறது. களியக்காவிளைக் கடைவீதியில் 25 மீட்டருக்குள் நாலைந்து கடைகள் அடங்கிவிடும். இத்தனைக்கும் அது அரசின் அதிகாரபூர்வ வரைபடம். கைப்பேசியில் பார்க்கும் வரைபடங்களில் உள்ள எல்லைக்கோடு பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு அளவுத் தாள்களிலிருந்து எடுத்து வரைந்தது. பெரிதாக்கிப் பார்க்கும்போது அது ஒவ்வொரு வேலியையும் தொட்டுப் போவது போலத் தெரியும். ஆனால் விரலால் பெரிதாக்குவதால் கோட்டின் துல்லியம் கூடுவதில்லை. கைப்பேசியின் இருப்பிடப் புள்ளியும் திறந்த வெளியில் ஐந்து மீட்டர் வரை தள்ளிப்போகும். தென்னந்தோப்புக்குள்ளும் மாடிக்கட்டடங்களுக்கு நடுவிலும் அதைவிட அதிகமாகப் போகும்.

நான் பின்பற்றச் சொல்லும் வழக்கம் இது. நிலத்தின் நடுவில் நின்று இருப்பிடப் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் எல்லைக்கோட்டிலிருந்து அது ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருந்தால், வரைபடம் சொல்வதைத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டு அந்த மாநிலத்தின் ஆவணங்களை முதலில் பாருங்கள். அதற்குள் இருந்தால், இரண்டு மாநில ஆவணங்களையும் பார்க்க வேண்டிய இடம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் எதையும் வரைபடத்திடம் கேட்காதீர்கள்.

உள்ளூர் மக்கள் பொய் சொல்வதில்லை. நாம் கேட்பதுதான் அவர்களுக்கு வேறாகப் போய்ச் சேர்கிறது. “இது எந்த ஸ்டேட்?” என்று கேட்டால், பேசும் மொழியையோ, பிள்ளைகள் படிக்கும் பள்ளியையோ, பங்கு கோவிலையோ நினைத்து விடை சொல்வார்கள். விளவங்கோட்டில் மலையாளம் பேசும் வீடுகள் ஏராளம். நம் வலியசாலையில் தமிழ் பேசுகிறோம், அதனால் இது தமிழ்நாடு ஆகிவிடவில்லையே. நீரோடி முதல் தூத்தூர் வரையுள்ள கடற்கரை ஊர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால் அவற்றின் தேவாலயங்கள் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே ஒருவர் “நாங்க திருவனந்தபுரம்” என்றால் அது திருச்சபை முகவரி. அதேபோல, குழித்துறை ரயில் நிலையமும் நாகர்கோவில் சந்திப்பும் தென்னக ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தில் வருவது ரயில்வேயின் நிர்வாக ஏற்பாடு மட்டும்தான். தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு, அரண்மனை நிற்பதோ தமிழ்நாட்டு மண்ணில். யார் பராமரிக்கிறார்கள், யாருக்குச் சொந்தம் என்பதும், எந்த அரசின் ஆட்சி எல்லை என்பதும் வேறு வேறு. பெயர்ப்பலகையில் உள்ள இலச்சினையைப் பார்த்து முடிவுக்கு வந்துவிடுவது எல்லையில் அடிக்கடி நடக்கும் பிழை.

ஆகவே மாநிலத்தைக் கேட்காமல் வரியைக் கேளுங்கள். நிலத்தை ஒட்டியுள்ள வீடுகளில் வயதானவர் ஒருவரைப் பார்த்து, “பாட்டா, வீட்டு வரி எங்க கெட்டுறிய? நிலத்துக்குக் கரம் எந்த ஆபீஸ்ல?” என்று கேட்டால் அவர் உடனே சொல்வார். களியக்காவிளைப் பேரூராட்சி என்பார், அல்லது பாறசாலைப் பஞ்சாயத்து என்பார். கட்டடத்துக்கான வரியும் நிலத்துக்கான கரமும் ஒரே மாநிலத்துக்குப் போகின்றனவா என்று இரண்டையும் தனித்தனியே கேட்டுக்கொள்ளுங்கள். ரேஷன் அட்டையையும் வாக்காளர் அட்டையையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. அவை ஆளுக்கு உரியவை, ஆள் எங்கும் குடிபோகலாம். மண்ணோடு ஒட்டிய ஆவணம் வரி ரசீதுதான்.

சாலையோரம் என்றால் இன்னொரு சுலபமான அறிகுறி உண்டு. பக்கத்துக் கடையில் ஏதாவது வாங்கி ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 32 என்றால் அது கேரளப் பதிவு, 33 என்றால் தமிழ்நாடு. அஞ்சல் எண்ணும் ஓரளவு துப்புக் கொடுக்கும். 629 என்று தொடங்கினால் கன்னியாகுமரிப் பக்கம், 695 என்றால் திருவனந்தபுரம் பக்கம். இவை துப்புகள் மட்டுமே. அஞ்சல்துறை தன் விநியோக வசதிக்கு எண் கொடுக்கிறது, கடைக்காரர் பக்கத்துக் கிளையின் பில்லை நீட்டலாம்.

இனி ஆதாரத்துக்கு வருவோம். இந்த அத்தியாயத்தின் முக்கியமான வேலை இங்கேதான். ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன். வலியசாலைக் குடும்பம் ஒன்றின் ஆதாரம் கொல்லம் ஆண்டு 1118 மகர மாதம் எழுதப்பட்டது. கொல்லம் ஆண்டோடு 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆவணி தொடங்கி டிசம்பர் முடிய உள்ள மாதங்களுக்கு மட்டும் 824ஐக் கூட்ட வேண்டும். மகரம் தையாகையால் இது 1943 ஜனவரி நடுவுக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடைப்பட்டது, எல்லை மாறுவதற்கு முந்தையது. 1132 துலாம் மாத நடுவில்தான் எல்லை மாறியது. அதனால் 1132 என்ற ஆண்டைத் தாங்கிய ஆதாரமானால் மாதத்தையும் தேதியையும் கவனித்துப் படிக்க வேண்டும்.

ஆதாரத்தின் தலைப்பில் உள்ள பதிவு அலுவலக முத்திரையில் கண் நிற்கக்கூடாது. அது ஆவணம் பதிவான இடம். கீழே சொத்து விவரம் எழுதிய பத்திக்குப் போங்கள். திருவிதாங்கூர் ஆதாரங்களில் தாலுகா, பகுதி, அதற்குள் தேசம் அல்லது முறி, பிறகு சர்வே எண், பரப்பு, நான்கெல்லை என்று வரிசையாக இருக்கும். ‘பகுதி’ என்பது இன்றைய வருவாய்க் கிராமத்துக்குச் சமம். நம் எடுத்துக்காட்டில் ‘நெய்யாற்றங்கரைத் தாலுகா, பாறசாலைப் பகுதி, 23 சென்ட்’ என்று இருக்கிறது. வீட்டில் அறுபது ஆண்டாகக் களியக்காவிளை நிலம் என்று சொல்லிவந்தாலும், எழுத்தில் உள்ளது கேரளம். மலையாளம் படிக்கத் தெரியாத தலைமுறை வந்துவிட்டதால், இந்த ஒரு பத்தியையாவது தெரிந்தவரிடம் கொடுத்துச் சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பழைய கையெழுத்தில் எண்களும் ஊர்ப்பெயர்களும் எளிதில் மாறிப் படிக்கப்படும். இரண்டு பேர் தனித்தனியே படித்து ஒப்பிட்டால் நிம்மதி.

அடுத்து, இன்றைய பதிவேட்டில் அந்த நிலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு eservices.tn.gov.in தளத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றும் பார்க்கலாம். கேரளத்துக்கு entebhoomi.kerala.gov.in இருக்கிறது. அங்கே தண்டப்பேர் எண்ணும் சர்வே எண்ணும் வேண்டும். இரண்டிலும் தேடுங்கள், ஒன்றில் கிடைத்துவிட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள். ஏனென்றால் சர்வே எண்கள் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒன்றிலிருந்து தொடங்குகின்றன. அதே எண் எல்லைக்கு அப்பாலும் பெரும்பாலும் இருக்கும். நம் குடும்பம் தமிழ்நாட்டுத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டபோது ஒரு நிலம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சென்ட் ஏறத்தாழ 40.47 சதுர மீட்டர், ஓர் ஏர் 100 சதுர மீட்டர். 23 சென்ட் என்றால் 9.31 ஏர். பட்டாவில் 0 ஹெக்டேர் 9.5 ஏருக்குப் பக்கத்தில் ஏதாவது இருந்தால் மேலே ஆராயலாம். 31 ஏர் என்று காட்டி, நான்கெல்லையில் ஆற்றுப் புறம்போக்கு வந்தால் அது வேறு நிலம். எண்ணோடு பரப்பு, நான்கெல்லை, பழைய உரிமையாளர் பெயர் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் நம் நிலம்.

இன்னொரு இடத்தில் பலர் தவறுகிறார்கள். பழைய ஆதாரத்தில் விளவங்கோடு தாலுகா, கொல்லங்கோடு பகுதி என்று இருக்கும். தளத்தில் விளவங்கோட்டின் கீழ்க் கொல்லங்கோட்டைத் தேடினால் கிடைக்காது. உடனே, “தமிழ்நாட்டில் இல்லை, அப்போ கேரளாதான்” என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் விளவங்கோட்டிலிருந்து கிள்ளியூர் தனித் தாலுகாவாகப் பிரிந்து, கடற்கரைப் பக்கக் கிராமங்கள் அதற்குப் போய்விட்டன. கல்குளத்துப் பக்கம் திருவட்டார் புதிய தாலுகா. கேரளத்திலும் நெய்யாற்றங்கரையின் மலைப்பக்கக் கிராமங்கள் காட்டாக்கடைத் தாலுகாவில் சேர்ந்தன. 1956இன் தாலுகா மாநிலத்தைத் தீர்மானிக்கும், இன்றைய தாலுகா எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதைத்தான் சொல்லும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மறுஅளவீடு நடந்த கிராமங்களில் எண்ணே மாறியிருக்கும். கேரளத்தில் பிளாக் எண், ரீசர்வே எண் என்று இரண்டு சேர்ந்து வரும். பழைய எண்ணுக்கு எதிரே புதிய எண்ணைக் காட்டும் ஒப்பீட்டுப் பதிவேடு நில அளவை அலுவலகத்தில் உண்டு. அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். கேரளம் 2022 நவம்பர் 1 முதல் டிஜிட்டல் மறுஅளவீட்டைத் தொடங்கியிருப்பதால், ஒவ்வொரு கிராமமாக எண்கள் மீண்டும் மாறிவருகின்றன. நிலம் கேரளத்தில் என்று தெரிந்தால், உங்கள் கிராமத்தில் அது முடிந்துவிட்டதா என்று வில்லேஜ் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். அளவீடு நடக்கும்போது உரிமையாளர் எல்லைகளைக் காட்டிக்கொடுக்க வேண்டும். வலியசாலையில் இருந்துகொண்டு அந்த நாளைத் தவறவிட்டால், பக்கத்துக்காரர் காட்டிய எல்லையே பதிவாகிவிடும் ஆபத்து உண்டு.

இவ்வளவும் நாமே தேடிப் பார்த்துச் செய்யக்கூடியவை. இதற்குப் பிறகு கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். இங்கே ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மாநிலத்திலிருந்து ‘இருக்கிறது’ என்றும், மற்ற மாநிலத்திலிருந்து ‘இல்லை’ என்றும் எழுத்தில் வாங்குங்கள். பாறசாலை வில்லேஜ் ஆபீசர் தன் பதிவேட்டில் உள்ளதைச் சொல்லலாம், எல்லைக்கு அப்பால் இருப்பதைப் பற்றி அவரால் எதுவும் சொல்ல முடியாது. களியக்காவிளைப் பக்கத்துக் கிராம நிர்வாக அலுவலருக்கும் அதே கட்டுப்பாடுதான். நம் எடுத்துக்காட்டில், கேரளப் பக்கம் கரம் ரசீதும், நிலம் எங்கே என்று படம் போட்டுத் தரும் லொக்கேஷன் சர்ட்டிபிகேட்டும், கைவசச் சான்றும் வாங்க வேண்டும். பிறகு இரண்டு மாநிலத்திலும் வில்லங்கச் சான்று போட வேண்டும். அதைக் கேரளத்தில் ‘குடிக்கடம்’ என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டுக்கு tnreginet.gov.in தளமே போதும். அங்கே அந்த விவரத்துக்கு எந்தப் பதிவும் இல்லை என்று வருவது ‘இல்லை’ பக்கத்துக்கு ஒரு சாட்சி.

முழுமையான ‘இல்லை’ வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியை எழுதும் விதத்தில்தான் பயன் இருக்கிறது. ‘என் நிலம் எந்த மாநிலம்?’ என்று கேட்டால், தகவலைத் தரலாம், கருத்துச் சொல்ல இயலாது என்று திரும்பிவிடும். ‘இந்தக் கிராமத்தின் வடமேற்கு எல்லையில் மாநில எல்லையை ஒட்டியுள்ள சர்வே எண்களின் பட்டியலும், அவற்றின் புலப்பட நகலும், கிராம வரைபடத்தின் நகலும் தரவும்’ என்று கேளுங்கள். கிராம வரைபடத்தின் ஓரத்தில் அடுத்த கிராமத்தின் பெயர் எழுதியிருக்கும். மாநில எல்லையாக இருந்தால் அடுத்த மாநிலத்தின் பெயரும் இருக்கும். எல்லைக்கல் நிற்கும் இடங்களும் குறிக்கப்பட்டிருக்கும். கேரளக் கிராமத்தின் தென்கிழக்கு ஓரத்துப் படத்தையும் தமிழ்நாட்டுக் கிராமத்தின் வடமேற்கு ஓரத்துப் படத்தையும் அருகருகே வைத்தால், இரண்டும் ஒரே வளைவோடு ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். உங்கள் நிலம் ஒன்றில் உள்ளே இருந்து, மற்றதில் வெளியே விழுந்தால் வேலை முடிந்தது.

பொருந்தாமல் போவதும் உண்டு. நிலம் இரண்டிலும் உள்ளே வருவதும், இரண்டிலும் வராமல் விடுபடுவதும் நடக்கிறது. ஓடையை எல்லையாகக் கொண்ட இடங்களில் இது அதிகம். ஓடை தடம் மாறி ஓடியபின் ஒரு பக்கத்து அளவர் பழைய கரையையும், மறுபக்கத்து அளவர் இன்றைய கரையையும் எல்லையாக எடுத்திருப்பார். விடுபட்டிருந்தால், அது புறம்போக்காகவோ சாலைக்கு விட்ட நிலமாகவோ ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டிலும் இருந்தால், இரண்டு பக்கத்து வட்டாட்சியர்களுக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் மனுக் கொடுத்துக் கூட்டு அளவீடு கேட்க வேண்டும். இரண்டு மாநில அளவர்களும் ஒன்றாக நின்று, எல்லைக்கல்லிலிருந்து அளந்து, ஒரே படத்தில் கையெழுத்திட்டால்தான் அது செல்லும். ஒரு பக்கத்து அளவர் மட்டும் வந்து கல் நட்டுப் போனால், அது அடுத்த தகராறுக்குத் தொடக்கம்தான். கேரளத்தின் டிஜிட்டல் அளவீடு எல்லைப்பகுதிகளுக்கு வந்தபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்ததும் இதே காரணத்தால்தான்.

நிலம் இரண்டு மாநிலத்திலும் உண்மையாகவே பிரிந்து கிடந்தால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். அப்போது ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பரப்பும் தனி நான்கெல்லையும் எழுதிப் பத்திரம் தயாரிக்க வேண்டும். இரண்டு பக்க வழக்கறிஞர்களையும் ஒரே மேசையில் உட்காரவைப்பது செலவைக் குறைக்கும். பெல்ஜியமும் நெதர்லாந்தும் பின்னிக்கிடக்கும் பார்லெ என்ற ஊரில், எல்லைக்கோடு வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. அங்கே வாசற்கதவு எந்த நாட்டுப் பக்கம் திறக்கிறதோ அந்த நாட்டு முகவரி என்று வழக்கம் வைத்துக்கொண்டார்கள். நமக்கு அப்படி ஒரு வழக்கம் கிடையாது. வாசல் தமிழ்நாட்டைப் பார்த்தாலும், அடுக்களை நிற்கும் மண் பாறசாலைக் கிராமத்தின் சர்வே எண்ணில் இருந்தால், அந்த மண்ணுக்குக் கரம் பாறசாலையில்தான்.

அலுவலர்கள் யாரும் எல்லையை மாற்ற முடியாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட ஆட்சியரோ நில அளவைத் துறையோ செய்வதெல்லாம் 1956இல் சட்டம் சொன்ன எல்லையை மண்ணில் கண்டுபிடிப்பதுதான். மாற்ற வேண்டுமென்றால் அரசியலமைப்பின் 3ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். இரண்டு மாநிலங்களுக்கிடையே வழக்கானால் 131ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றம்தான் கேட்கும். எனவே தரகர் ஒருவர், “கொஞ்சம் செலவு பண்ணினா கேரளாவில இருக்கிறத தமிழ்நாட்டுக்கு மாத்தித் தர்றேன்” என்று சொன்னால், அவரிடம் ஆதாரத்தின் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள்.

நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்கு முடிவு இப்படி வரும். 1118ஆம் ஆண்டு ஆதாரத்தின் சொத்து விவரம், ஒப்பீட்டுப் பதிவேட்டின் நகல், பாறசாலை வில்லேஜ் ஆபீசின் கரம் ரசீது, லொக்கேஷன் சர்ட்டிபிகேட், கைவசச் சான்று, இரண்டு மாநில வில்லங்கச் சான்றுகள், தமிழ்நாட்டுப் பக்கத்துக் கிராம வரைபட நகல் ஆகிய எட்டுத் தாள்களையும் ஒரே கோப்பில் வைத்து, முதல் பக்கத்தில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் எழுதி ஒட்டுவார்கள். வாங்க வருகிறவர் கைப்பேசி வரைபடத்தை நீட்டி, “இது தமிழ்நாடுன்னுல்ல காட்டுது?” என்றால், கடைசித் தாளில் உள்ள வரைபட நகலை எடுத்துக் காட்டலாம்.